வரும்படி சொன்னார்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அனுப்பிய நான்கு பக்கத்தையும் நேற்று ராத்திரியே படித்துவிட்டேன். அண்ணன் தம்பி இருவருக்குள் நடக்கும் பாகப்பிரிவினை வழக்கில் தம்பி கொடுத்த சாட்சியம். உன் ஆங்கிலம் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தைப் பார்த்ததும் மனசு அங்கேயே நின்றுவிட்டது. வக்கீல் ஆபீசுக்குப் பக்கங்களைக் கொடுப்பதற்கு முன்னால் அதைத் திருத்திவிடு.

மூலத்தில் இப்படி இருக்கிறது: "அறுப்பு முடிந்ததும் அண்ணன் வரும்படி சொன்னார். நான் நம்பவில்லை. களத்தில் மூட்டையை எண்ணியவன் நான்." நீ 'பிரதர் டோல்ட் மீ டு கம்' என்று எழுதியிருக்கிறாய். அண்ணன் தம்பியை வரச் சொன்னதாக ஆகிவிட்டது.

வந்து சேரும்படி கூப்பிட்டவரை ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? கூப்பிட்டால் போனேன் அல்லது போகவில்லை என்றுதான் ஒருவர் சொல்வார். 'நான் நம்பவில்லை' என்று அடுத்த வாக்கியம் வந்தவுடனே நீ திரும்பிப் போய் முந்தைய வாக்கியத்தை மறுபடி படித்திருக்க வேண்டும். நம்புவதற்கும் நம்பாமல் இருப்பதற்கும் ஒரு தகவல் வேண்டும். அதற்கடுத்த வாக்கியத்தில் மூட்டை எண்ணுவது வருகிறது. அப்படியானால் அண்ணன் சொன்னது ஒரு தொகை. நிலத்திலிருந்து வந்த வரும்படி, அதாவது 'இன்கம்'. அண்ணன் கணக்குச் சொன்னார், தம்பி ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அங்கே நடந்தது.

அதே வாக்கியத்துக்குப் பின்னால் "நான் போகவில்லை, எனக்குக் காய்ச்சல்" என்று இருந்திருந்தால் நீ எழுதியதுதான் சரி. ஓர் எழுத்துகூட மாறாமல் அர்த்தம் முழுசாக மாறுகிறது, பார். பேச்சில் நாம் 'விலை சொன்னார்', 'கணக்கு சொன்னார்' என்கிறோம். விலையைச் சொன்னார் என்று ஐ போட்டுப் பேசுவது குறைவு. அதனால்தான் 'வரும்படி சொன்னார்' இரண்டு பக்கமும் சாய்கிறது. 'வரும்படியைச் சொன்னார்' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. ஐ ஏறினாலே அது பெயர்ச்சொல், வருமானம்தான்.

இந்த வழக்கில் இது சின்ன விஷயம் இல்லை. பங்கு கேட்கிறவர் நிலத்தை மட்டுமா கேட்கிறார், இத்தனை வருஷம் அண்ணன் அனுபவித்த விளைச்சலுக்கும் கணக்குக் கேட்கிறார். அண்ணன் எப்போதாவது கணக்குக் காட்டினாரா என்பதற்கு அந்தச் சாட்சியத்தில் இருப்பது இந்த ஒரு வரிதான். உன் மொழிபெயர்ப்பில் அது காணாமல் போய், அண்ணன் அன்பாக அழைத்தார் என்று வேறொரு சாட்சியம் முளைத்துவிட்டது.

மூன்றாம் பக்கத்திலும் படிதான். "1998 பத்திரத்தின் படி என்னிடம் இல்லை" என்பதை, பத்திரத்தின்படி என்று எடுத்துக்கொண்டு 'அக்கார்டிங் டு தி டீட்' என்று தொடங்கியிருக்கிறாய். பிறகு என்ன இல்லை என்பது தெரியாமல் 'தி லேண்ட்' என்று நீயாகவே சேர்த்திருக்கிறாய். மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை நீ சேர்க்க வேண்டி வந்தால், முன்னால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று வைத்துக்கொள். இங்கே படி என்பது 'காப்பி'. கோர்ட்டுக் காகிதங்களில் பெரும்பாலும் நகல் என்றுதான் வரும், இந்தச் சாட்சி படி என்று சொல்லியிருக்கிறார்.

இடைவெளியை நம்பாதே. டைப் செய்கிறவர்கள் சேர்க்க வேண்டியதைப் பிரிப்பார்கள், பிரிக்க வேண்டியதைச் சேர்ப்பார்கள். நான் செய்வது இது: படியைக் கையால் மறைத்துவிட்டு வாக்கியத்தைப் படிப்பேன். "பத்திரத்தின் … எனக்குத் தென்பாகம் சேர வேண்டும்" என்றால், எது சேர வேண்டும் என்பதற்குப் பதில் தென்பாகம் என்று வாக்கியத்திலேயே இருக்கிறது. அப்போது மறைந்திருக்கும் படி 'அக்கார்டிங் டு'. "பத்திரத்தின் … என்னிடம் இல்லை" என்றால், எது இல்லை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. அந்தப் பதில் மறைத்த சொல்லில்தான் இருக்கிறது. அது ஒரு பொருள், நகல்.

'சொன்னபடி' இன்னும் கொஞ்சம் வழுக்கும். "அண்ணன் சொன்னபடி நான் கையெழுத்துப் போட்டேன்": சொன்னவர் ஒருவர், செய்தவர் வேறொருவர், அதனால் அவர் சொன்னதற்கு இணங்க. "போடு என்று சொன்னபடி அண்ணன் காகிதத்தை நீட்டினார்": இரண்டும் ஒருவரே, பேசின வார்த்தையும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் சொல்லிக்கொண்டே நீட்டினார். ஆனால் "அண்ணன் சொன்னபடி பணம் கொடுத்தார்" என்பதில் ஆள் ஒருவரேயானாலும் வாக்குக் கொடுத்தபடி என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஆகவே ஆள் ஒருவரா இருவரா என்று முதலில் பார், அப்புறம் 'என்று' பக்கத்தில் இருக்கிறதா என்று பார். அப்படியும் தெளியவில்லை என்றால் சாட்சியத்தில் நீயாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதே. வக்கீலிடம் கேள், அல்லது இரண்டு அர்த்தமும் உண்டு என்று அடிக்குறிப்பு எழுது.

அகராதியைப் பார்க்கவில்லையா என்று கேட்கமாட்டேன். பார்த்திருப்பாய், அதில் முதலில் இருந்ததை எடுத்திருப்பாய். பழைய பத்திரங்களுக்கு எனக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் லெக்சிகன் வேண்டும். இன்றைய பேச்சுக்கு, 1992-ல் முதலில் வந்த க்ரியா அகராதி. க்ரியாவில் அர்த்தத்தோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். அந்த வாக்கியங்களில் எது உன் வாக்கியத்தைப் போல நடக்கிறது என்று பார்த்து எடு.

என் தப்பு ஒன்றையும் சொல்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஜீவனாம்ச வழக்கு ஒன்று வந்தது. "பத்து வருஷம் எனக்குப் படியளந்தவர் என் மாமனார்தான்" என்று ஓர் அம்மா சொல்லியிருந்தார். நான் மாமனார் அவருக்குத் தானியம் அளந்து கொடுத்ததாக ஆங்கிலத்தில் எழுதினேன். சீனியர் சிவப்பு மையில் அடித்துவிட்டு 'மெயின்டெய்ன்ட்' என்று எழுதினார். சோறு போட்டுக் காப்பாற்றியவர் என்பதை நான் நெல் அளக்கிற வேலையாக்கியிருந்தேன். கொஞ்ச நாள் கழித்து வேறொரு வழக்கில் "பண்ணையார் தினமும் மூணு படி அளந்தார்" என்று வந்தது. இந்தத் தடவை 'மெயின்டெய்ன்ட்' என்று எழுதப்போனேன். அதே சீனியர் தடுத்தார். சொன்னவர் களத்துக் கூலியாள், சொன்னது கூலி நெல். அங்கே உண்மையிலேயே மரப்படியால் அளந்திருக்கிறார்கள். எண் இருக்கிறதா, சொல்கிறவர் யார், எதைக் கேட்டபோது சொன்னார் என்று பார்த்துவிட்டு எழுது என்றார். அந்தப் படியைக் கிலோவாக மாற்றவும் விடவில்லை. படி கொள்ளளவு, எடை இல்லை. ஊருக்கு ஊர் அளவும் வித்தியாசப்படும். அதனால் படி என்றே ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டு, தானியம் அளக்கும் அளவு என்று குறிப்புப் போட்டோம்.

நாலாம் பக்கத்தில் "படியில் நின்றபடி" என்ற இடத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறாய். ரொம்ப சந்தோஷமாக இருந்தது. மற்ற இரண்டு இடத்தையும் திருத்தி நாளைக்குள் அனுப்பு. குறுக்கு விசாரணைப் பக்கங்களை அப்புறம் பார்க்கலாம். அதில் 'பங்காளி' நாலு இடத்தில் வருகிறது, நான் பார்க்கும் வரை 'பார்ட்னர்' என்று எழுதிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா