கேட்காமல் உட்கார்ந்திருந்த இரண்டு நாள்

அன்புள்ள கண்ணு,

நேற்று ராத்திரி நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "2B-யை டேலி பண்ணி வை" என்று, சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் ஏற்றிய பில் பட்டியலை உங்கள் பர்ச்சேஸ் புத்தகத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லிவிட்டு சார் போய்விட்டார், 37 பில் ஒத்துவரவில்லை, கேட்டால் இதுகூடத் தெரியாதா என்பார்களோ என்று இரண்டு நாளாகச் சும்மா இருக்கிறேன் என்றாய்.

நானும் அப்படி இருந்தவள்தான். 1995-இல் பம்ப் கம்பெனியில் சேர்ந்தபோது வெளிமாநில பில் கட்டைக் கையில் கொடுத்து, "சி பாரத்தைப் பார்த்துக்கோ" என்றார்கள். வெளிமாநிலத்தில் வாங்குகிற பார்ட்டி, குறைந்த வரிக்காக நமக்குத் தரவேண்டிய பாரம் அது. வந்த பாரங்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன். வராத பாரங்களைப் பார்ட்டிகளிடம் கேட்டு வாங்கவேண்டும் என்பதுதான் அவர்கள் சொன்னதன் அர்த்தம். அப்போது பாரம் இருந்தால் 4 சதவீத வரி, இல்லாவிட்டால் குறைந்தது 10. அசெஸ்மென்ட் நெருங்கியபோதுதான் எனக்கே புரிந்தது. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் சொல்கிறேன், நாளைக் காலையில் அந்த 37 பில்லையும் முதலில் பிரித்துப் பார். சிலவற்றில் நம்பர் மட்டும்தான் மாறியிருக்கும்: நம் புத்தகத்தில் 457, அவர்கள் போட்டது 0457. ஜிஎஸ்டி எண்ணும் தொகையும் ஒத்துப்போனால் அது நீயே தீர்க்கக்கூடியது. சில சப்ளையர்கள் தங்கள் விற்பனைக் கணக்கான GSTR-1-ஐ 11-ஆம் தேதிக்குள் போடாமல் விட்டிருப்பார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்கிறவர்களின் பில் அந்தக் காலாண்டு முடிந்த பிறகுதான் வரக்கூடும், அதைத் தப்பு என்று எழுதிவிடாதே. கடைசியில் நாலைந்து பில் எதிலும் சேராமல் நிற்கும்.

அப்புறம் சாரிடம் போ. "டேலி ஆகவில்லை, என்ன செய்வது" என்று கேட்காதே. "சார், 20 பில் நம்பர் வித்தியாசம், சரி செய்துவிட்டேன். 12 பில் சப்ளையர் இன்னும் போடவில்லை, இந்த மாதம் கிரெடிட் எடுக்காமல் நிறுத்தி வைக்கட்டுமா? இந்த 5 எனக்குப் புரியவில்லை" என்று சொல். இரண்டு நிமிஷத்தில் பதில் வரும். 2B-யில் இல்லாத பில்லுக்கு கிரெடிட் எடுக்க முடியாது, அதாவது அதில் கட்டிய வரியை நம் வரியில் கழித்துக்கொள்ள முடியாது என்பது சட்டம். ஆனால் சப்ளையரைக் கூப்பிட்டுக் கேட்பது நீயா, பர்ச்சேஸ்காரர்களா என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஆபீசுக்கு ஆபீஸ் மாறும். அதை "இங்கே வழக்கம் என்ன சார்?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ளவேண்டும். சாரிடம் கூச்சமாக இருந்தால், போன வருஷம் சேர்ந்தார் என்றாயே, அந்த அக்காவிடம் கேள். இதே சந்தேகம் அவருக்கும் வந்திருக்கும்.

2B 14-ஆம் தேதி வந்துவிடுகிறது, 20-ஆம் தேதிக்குள் GSTR-3B போட்டு அந்த மாத வரியைக் கட்டவேண்டும். கடைசி இரண்டு நாள் எல்லோரும் பரபரப்பாக இருப்பார்கள், அப்போது நல்ல மனிதர்கூடச் சிடுசிடுப்பார். 16, 17-க்குள் கேட்டுவிடு. சொன்னதை அவர் முன்னாலேயே நோட்டில் எழுதிக்கொள், அடுத்த மாதம் அதே கேள்வியோடு போகவேண்டியிருக்காது.

நாளைக்குச் சாயங்காலம் போன் பண்ணு. அந்த 5 பில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியணும்.

அம்மா