‘குறிப்பிடத்தக்க தமிழ்ப் படம் எதுவும் அமையவில்லை’

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஞாயிறு மலரில் வந்த ‘இலங்கையின் சிறந்த 25 திரைப்படங்கள்’ பட்டியலின் அடியில் ஒரு வரி: “குறிப்பிடத்தக்க தமிழ்ப் படம் எதுவும் அமையவில்லை.” அதை மூன்று நாளாக மறக்க முடியவில்லை.

பதினைந்து பேர் ஆளுக்குப் பத்துப் படம் எழுதினார்கள் என்கிறீர்கள். மொத்தம் 150 வாக்கு. பிரபலமான பத்துப் பன்னிரண்டு படங்களே பெரும்பகுதியை அள்ளிவிடும். 25ஆவது இடத்துக்கு இரண்டு வாக்கே போதுமாக இருந்திருக்கும். அந்தப் பதினைந்து பேரில் தமிழ்ப் படங்களைத் தேடிப் பார்த்தவர் ஒருவர் மட்டும் என்றால், அவர் எந்தத் தமிழ்ப் படத்தை எழுதினாலும் அதற்கு ஒரு வாக்குத்தான். அது வெளியே நிற்பது தரத்தாலா, ஆட்களைத் தெரிவுசெய்த விதத்தாலா? வாக்குகளை வெளியிட்டிருந்தால் நாங்களே கண்டுகொண்டிருப்போம்.

பிரித்தானியச் சினிமா சஞ்சிகையான ‘சைட் அண்ட் சவுண்ட்’ பத்தாண்டுக்கொரு முறை நடத்தும் சிறந்த படக் கணிப்பு தங்களுக்குத் தெரிந்ததுதான். 2012இல் வாக்களித்தோர் 846 பேர், 2022இல் 1,639 பேர். 1975இல் வந்த ‘ஷான் டீல்மன்’ இடையில் ஒரு காட்சிகூட மாறவில்லை. ஆனாலும் முப்பதுகளில் இருந்த படம் முதலிடத்துக்கு வந்தது. பார்ப்பவர்கள் மாறினார்கள். அங்கே யார் எந்தப் பத்தை எழுதினார் என்பதும் வெளியாகிறது.

சில வருடங்களுக்கு முன் இன்னொரு சஞ்சிகை என்னிடமும் பத்துப் படம் கேட்டது. தர்மசேன பத்திராஜவின் ‘பொன்மணி’யை (1977) முதலில் எழுதினேன். யாழ்ப்பாணத்துச் சாதியை ஒரு சிங்கள இயக்குநர் தமிழில் எடுத்த படம். “சப்டைட்டிலோடு லிங்க் இருக்கா சேர்? இல்லையென்றால் வேறொன்று சொல்லுங்கோ” என்று தொலைபேசியில் கேட்டார்கள். அன்றைக்கு விளங்கியது, பிரதி கிடைக்கிற படம்தான் முதலில் சிறந்த படம். பிரதிகள் ஏன் இல்லை என்று தாங்கள் கேட்கமாட்டீர்கள். 1983 ஜூலையில் ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தபோது என்னென்ன போயின என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

‘வாடைக்காற்று’ (1978) இங்கே ஓடியபோது அண்ணாவோடு போனேன். எனக்குப் பின்வரிசையில் கரைவலைக்காரர்கள் இருந்தார்கள். படத்தில் கடல் வந்ததும், “இந்தக் காத்துக்கு ஏன் வள்ளத்தை இறக்கிறான்?” என்று சத்தமாகக் கேட்டார் ஒருவர். தங்கள் தொழிலைத் திரையில் கண்டு வாதாடியவர்களை நான் வேறெந்தப் படத்திலும் பார்க்கவில்லை. அந்தப் படம் ‘குறிப்பிடத்தக்கது’ அல்லவென்று பார்க்காமலே சொல்லிவிட முடியுமா?

வேறொன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஒரு சிறு பெட்டி போடுங்கள்: வாக்களித்தவர்கள் யார், எந்த மொழிப் படங்கள் பார்ப்பவர்கள், ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை வாக்கு. அந்த வரியில் “அமையவில்லை” என்பதை “வாக்களித்தோர் குறிப்பிடவில்லை” என்று திருத்துங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.