சிறுவர் உடைத் தயாரிப்பாளர்களுக்கு: வயதோடு உயரத்தையும் மார்புச் சுற்றையும் போடுங்கள்

திருப்பூர், ஈரோடு உட்பட எல்லா ஊர்களிலும் உள்ளூர்க் கடைகளுக்குச் சிறுவர் ஆயத்த ஆடை தைத்து அனுப்பும் முதலாளிகளுக்கும், பேட்டர்ன் மாஸ்டர்களுக்கும், அந்த உடைகளை விற்கும் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் திண்டுக்கல்லில் தையல் கடை வைத்திருப்பவள். ஒரு காலத்தில் பாவாடை சட்டையும் பள்ளிச் சீருடையும் தைத்ததுதான் என் பிழைப்பு. இப்போது பாதி நாள் நீங்கள் தைத்து அனுப்பியதைப் பிரித்துத் தைப்பதில் போகிறது. தீபாவளிக்கு முந்தைய வாரம் என்றால் வேறு வேலையே நடக்காது. அதில் எனக்கு வருமானம் உண்டு. ஆனாலும் இது தேவையே இல்லாத வேலை என்று எனக்குத் தெரிவதால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

போன தீபாவளிக்கு வந்த ஒரு ஃபிராக்கைச் சொல்கிறேன். வெளியே நெட், உள்ளே சாட்டின், முதுகில் ஜிப். லேபிளில் '5-6 வயது' என்று இருந்தது. குழந்தைக்கு ஏழு வயது, உயரம் 113 செ.மீ. கொஞ்சம் குள்ளம், அவ்வளவுதான். கடையில் உயரத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு "இவளுக்கு 5-6 போதும்மா" என்று எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். போட்டுப் பார்க்க விடவில்லை. பிரித்த உடையைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லிலேயே அடித்திருந்தார்கள். வீட்டில் போட்டுப் பார்த்தால் ஜிப் பாதி முதுகோடு நின்றுவிட்டது.

டேப் வைத்துப் பார்த்தேன். குழந்தையின் மார்புச் சுற்று 62. ஃபிராக்கின் மார்புச் சுற்று 63. நீளாத துணியில் தைக்கும் உடைக்கு உடம்பு அளவை விடக் குறைந்தது ஐந்தாறு செ.மீ. லூஸ் வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை கையைத் தூக்க முடியாது, உட்கார்ந்து சாப்பிட முடியாது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இங்கே இருந்த லூஸ் ஒரே ஒரு செ.மீ.

பிரித்து விடலாம் என்று உள்ளே திருப்பினால், தையலுக்கு வெளியே ஒரு செ.மீ. துணிகூட இல்லை. ஓவர்லாக் போட்டு மிச்சத்தை வெட்டி எடுத்திருந்தார்கள். பெரிய உடையை நான் பிடித்துச் சின்னதாக்கலாம். துணியே விடாமல் தைத்த உடையைப் பெரிதாக்க எந்தத் தையல்காரராலும் முடியாது. கடைசியில் ஜிப்பைப் பிரித்து, இரண்டு பக்கமும் வேறு துணியில் பட்டை வைத்துக் கொடுத்தேன். நிறம் ஒட்டவில்லை. பண்டிகைக்கென்று ஆசையாக எடுத்த உடை ஒட்டுப்போட்ட உடையாகிவிட்டது.

அதைக்கூட விடுங்கள். அந்த அம்மா குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டே, "அஞ்சு வயசு டிரஸ்ஸே இவளுக்குப் பத்தலக்கா, குண்டாயிட்டா, சாப்பாட்டைக் குறைக்கணும்" என்றார். குழந்தை தலையைக் குனிந்துகொண்டது. அந்தக் குழந்தையிடம் குறை எதுவும் இல்லை. ஏழு வயதில் 62 மார்பு சாதாரண அளவு. லேபிளில் போட்டிருந்த வயதுதான் அந்த அம்மாவை அப்படிப் பேச வைத்தது.

இதே '5-6 வயது' லேபிளோடு வேறு இரண்டு ஃபிராக்குகளும் அந்த வாரம் என் மேசையில் இருந்தன, இரண்டும் வேறு வேறு தயாரிப்பு. ஒன்றின் மார்புச் சுற்று 68, இன்னொன்று 73. மூன்றும் ஒரே வயதுக் குழந்தைக்கு என்று விற்கப்பட்டவை. ஒரே லேபிளில் பத்து செ.மீ. வித்தியாசம் என்றால் அந்த லேபிளை நம்பி ஒரு தாய் எப்படி உடை எடுப்பார்?

வயதை வைத்து அளவு சொல்வதில் அடிப்படையிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து வயது நிறைந்த பெண் குழந்தையின் நடு உயரம் சுமார் 109 செ.மீ. ஆனால் 100 இருந்தாலும் 119 இருந்தாலும் இயல்பான வளர்ச்சிதான். நீங்கள் ஏற்றுமதிக்குத் தைக்கும்போது ஒரு சைஸுக்கும் அடுத்த சைஸுக்கும் உயரத்தில் 6 செ.மீ. விடுகிறீர்கள். அந்தக் கணக்கில் ஒரே வயதுக் குழந்தைகளுக்குள்ளேயே மூன்று சைஸ் வித்தியாசம் வந்துவிடுகிறது. 'ஐந்து வயது' என்று ஒரே ஒரு உடையை வெட்டினால் அது நடுவில் இருக்கும் குழந்தைகளுக்குத்தான் சேரும்.

அப்புறம், உயரமும் மார்பும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. மூன்று வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை குழந்தை வருடத்துக்கு ஆறேழு செ.மீ. உயரும். மார்புச் சுற்று கூடுவதோ ஏறக்குறைய இரண்டு செ.மீ. மட்டும். அதனால்தான் இந்த வயதில் பிள்ளைகள் நெடுநெடுவென்று மெலிந்து தெரிகிறார்கள். 117 உயரமும் 54 மார்பும் உள்ள ஐந்து வயதுப் பையனும் என்னிடம் வருகிறான். அவனுக்கு வயதுப்படி எடுத்த சட்டை இடுப்புக்கு மேலேயே நின்றுவிடுகிறது. உயரத்துக்கு ஏற்ற சட்டை எடுத்தால் தோள் கீழே இறங்குகிறது. பக்கத்தைப் பிடித்துத் தைத்து அகலத்தைக் குறைத்துவிடுவேன். தோளையும் கைக்குழியையும் சரிசெய்ய வேண்டுமென்றால் கையையே கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். அதற்கான கூலி சட்டை விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். லேபிளில் வயது இருக்கட்டும், எடுக்க வேண்டாம். அதற்குக் கீழே, இந்த உடை எத்தனை செ.மீ. உயரமும் எத்தனை செ.மீ. மார்புச் சுற்றும் உள்ள குழந்தைக்கு என்று அச்சிடுங்கள். 'உயரம் 110-116, மார்பு 58-60' என்று ஒரு வரி போதும். உடையின் அளவைப் போட்டுவிட்டு முடித்துவிடாதீர்கள், குழந்தையின் உடம்பு அளவைப் போடுங்கள். எவ்வளவு லூஸ் விட்டீர்கள் என்பது தாய்க்குத் தெரியாது, அந்தக் கணக்கை நீங்கள்தான் போட்டுத் தர வேண்டும். பனியன் துணி முதல் சலவையில் சுருங்குவதையும் அதிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். 48 செ.மீ. நீளமுள்ள டி-சர்ட் ஐந்து சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட இரண்டரை செ.மீ. போய்விடும், தொப்புள் தெரியும்.

இது உங்களால் முடியாத காரியம் என்று சொல்லவே முடியாது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் பெட்டியில் 104, 110, 116, 122 என்று லேபிள் போடுகிறீர்கள். அந்த எண் குழந்தையின் உயரம். இங்கிலாந்துக்கு '5-6' என்று போகும் உடையில் பெரும்பாலும் 116 செ.மீ. என்றும் சேர்ந்தே இருக்கிறது. அதாவது ஐந்தும் இல்லை ஐந்தரையும் இல்லை, ஆறு வயது நிறைந்த குழந்தையின் நடு உயரத்துக்கு வெட்டிய உடை அது. அதே ஊரில் வெட்டி, அதே மாதிரி மெஷினில் தைத்து உள்ளூருக்கு வரும் உடையில் மட்டும் அந்த எண் காணாமல் போகிறது. அந்நிய ஊர்த் தாய்க்குச் சொல்ல முடிந்ததை நம் ஊர்த் தாய்க்குச் சொல்ல என்ன தடை?

உள்ளாடையில் நீங்களே இதைச் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். சிறுவர் பனியனை 50, 55, 60 என்று செ.மீ. கணக்கில்தான் கடையில் கேட்டு வாங்குகிறோம். வயது சொல்லி யாரும் பனியன் வாங்குவதில்லை. மேல்சட்டைக்கு வந்ததும் ஏன் வயது போதும் என்று ஆகிவிட்டது?

சட்டமும் ஓரளவுக்கு உங்களைக் கேட்கிறது. பொட்டலப் பொருட்களுக்கான எடையளவு விதிகளில் 2022-ல் செய்த திருத்தத்தின்படி, பொட்டலமில்லாமல் விற்கும் உடைகளில் சைஸ் குறியீட்டோடு அளவை செ.மீ. அல்லது மீட்டரிலும் காட்ட வேண்டும். அது உடையின் அளவா, உடம்பின் அளவா என்ற குழப்பத்தை அரசுதான் தீர்க்க வேண்டும். அரசு என்றதும் இன்னொரு வருத்தமும் வருகிறது. இந்தியர்களின் உடம்பு அளவை எடுத்து நமக்கென்று ஒரு சைஸ் பட்டியல் தயாரிக்க மத்திய ஜவுளித் துறையும் தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகமும் 'இந்தியாசைஸ்' என்ற திட்டத்தை அறிவித்தன. ஆறு நகரங்களில் 25,000 பேரை ஸ்கேன் செய்து அளப்பது என்று திட்டம். அதில் வயது வரம்பு 15 முதல் 65. வருடத்துக்கு வருடம் அளவு மாறுகிற பிள்ளைகளைத்தான் முதலில் அளந்திருக்க வேண்டும். அவர்களை வெளியே விட்டுவிட்டார்கள். இன்னும் எத்தனை காலம் நம் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பட்டியலைக் கூட்டிக் குறைத்து உடை வெட்டுவது?

அந்தக் கோபத்தை உங்கள்மேல் காட்டக்கூடாதுதான், மன்னிக்கவும். அரசு அளந்து முடிக்கும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் நான் சொல்ல வருவது. நீங்கள் வெட்டும் ஒவ்வொரு பேட்டர்னுக்கும் ஏதோ ஒரு உடம்பு அளவை மனதில் வைத்துத்தான் வெட்டுகிறீர்கள். அந்த அளவு உங்கள் கட்டிங் அறையில் எழுதப்பட்டே இருக்கிறது. அதை அப்படியே லேபிளுக்குக் கொண்டுவாருங்கள் என்கிறேன்.

'எங்கள் வாடிக்கையாளருக்கு வயதுதான் தெரியும், செ.மீ. தெரியாது' என்று ஒரு கடைக்காரர் என்னிடம் சொன்னார். அங்கன்வாடியில் குழந்தையின் உயரமும் எடையும் அளந்து எழுதுகிறார்கள். உயரம் தெரியாத தாயே இல்லை என்று நான் சொல்லவில்லை. கடைச் சுவரில் அளவுப் பட்டை ஒன்றை ஒட்டிவிட்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழந்தை நின்றதும் தெரிந்துவிடும். மார்புக்கு, கையைத் தொங்கவிட்டு, அக்குளுக்குக் கீழே டேப்பைக் கிடைமட்டமாகச் சுற்றி, இறுக்காமல் பார்க்க வேண்டும். விற்பனைப் பெண்ணுக்கு ஒரு முறை காட்டிக் கொடுத்தால் போதும். "என்ன வயசு?" என்று கேட்பதற்குப் பதில் அளந்து எடுத்துக் கொடுத்தால், திருப்பி எடுக்கமாட்டோம் என்று பில்லில் அடித்து வைக்கவேண்டிய சண்டையும் குறையும்.

ஐயா, அம்மா, உங்கள் தொழிலில் நெருக்கடி எவ்வளவு என்று நூல் விலையைக் கேட்கும்போதெல்லாம் எனக்கும் தெரிகிறது. விலையைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. துணியைக் கூட்டுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை, நீளாத துணியில் பக்கத் தையலுக்கு உள்ளே இன்னும் ஒரு செ.மீ. விட்டால் மகிழ்ச்சி. ஆனால் லேபிளில் குழந்தையின் உயரமும் மார்புச் சுற்றும் செ.மீ.யில் வர வேண்டும் என்பதைக் கட்டாயம் கேட்கிறேன். பள்ளி திறக்கும் ஜூனுக்கான சரக்கிலிருந்தே தொடங்கினால் நல்லது. உங்கள் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி, எல்லோரும் ஒரே பட்டியலைப் பின்பற்றுவது என்று முடிவெடுக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். பட்டியல் தயாரிக்க இந்த ஊர்ப் பிள்ளைகளின் அளவுகள் வேண்டுமென்றால், பெயரை எடுத்துவிட்டு என் அளவு நோட்டைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லில் இருந்து ஒரு தையல்காரர்