கேட்டில் நின்ற அண்ணாவுக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

வணக்கம். நான் ஏற்காட்டுப் பெண். சேலத்தில் ஒரு மருத்துவமனையில் புதிதாக நர்ஸாகச் சேர்ந்திருக்கிறேன். இரவுக் காவலில் இருந்த செக்யூரிட்டி அண்ணாவை ஏஜென்சிக்காரர்கள் திடீரென்று வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். நேரில் நன்றி சொல்ல முடியாமல் போனதால் இந்த மடல்.

எனக்குக் காலை டூட்டி 7 மணிக்கு. அவருக்கு டூட்டி முடிவதும் அப்போதுதான். நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விடுவேன். "வணக்கம்ண்ணா, ராத்திரி எப்படி?" என்று கேட்டால், "வாங்க கண்ணு, ரெண்டு ஆம்புலன்ஸ், ஒரு சண்டை" என்பார். ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் 'கண்ணு' போய் 'சிஸ்டர்' ஆகிவிடும். எங்கள் ஹேண்டோவர் புத்தகத்தில் இல்லாத பல சங்கதிகள் அந்த அரை நிமிடப் பேச்சில் கிடைத்திருக்கின்றன.

மார்கழியில் ஒரு நாள் அவர் பதில் வணக்கமே சொல்லவில்லை.

"சிஸ்டர், உங்க வார்டு தாத்தா டீ குடிக்க இறங்கி வந்தாரு. கையில ட்ரிப்ஸ் ஏத்துற வென்ஃப்ளான் இருக்குன்னு நிறுத்தி உட்கார வச்சேன். பேச்சு ஒரு மாதிரி குழறுது."

"எவ்வளவு நேரமாண்ணா?"

"இப்பதான். குடிச்சவர் மாதிரி தள்ளாடுறாரு, ஆனா வாடை இல்லை. இந்தக் குளிர்ல சட்டை நனைஞ்சிருக்கு பாருங்க."

அந்தக் கடைசி வரிதான் விஷயம். தூக்கக் கலக்கம் என்றோ போதை என்றோ வார்டுக்குத் திருப்பி அனுப்பியிருந்தால் படிக்கட்டிலேயே விழுந்திருப்பார். தாத்தாவின் கை சில்லென்று ஈரமாக இருந்தது, விரல் நடுங்கியது. பெயர் கேட்டால் யோசித்துச் சொன்னார். சர்க்கரை இறங்கிவிட்டது என்று புரிந்தது. குளுக்கோமீட்டர் மேலே வார்டில். அது வரும்வரை காத்திருக்கக் கூடாது. ஆள் விழித்திருந்தார், நான் கொடுத்த ஒரு மடக்குத் தண்ணீரைச் சிரமமில்லாமல் விழுங்கினார். அதனால் வாய்வழியே கொடுக்கலாம். நினைவு தப்பியிருந்தால் ஒரு சொட்டுகூட வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அப்போது நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்கிற சர்க்கரைக் கரைசல்தான்.

எதிர் டீக்கடை அண்ணன் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கலக்கித் தந்தார். டீயே போட்டுத் தரட்டுமா என்றுதான் முதலில் கேட்டார். பாலின் கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ரத்தத்தில் ஏறக் கொஞ்சம் தாமதமாகும், வெறும் சர்க்கரைத் தண்ணீர்தான் வேகம். அதற்குள் ஆயாம்மா வீல்சேரோடு மீட்டரையும் எடுத்து வந்துவிட்டார். குடித்து முடித்த கையோடு பார்த்தால் 48. எழுபதுக்குக் கீழே போனாலே நாங்கள் பதறுவோம். 15 நிமிடம் கழித்து 86. தாத்தா என்னைப் பார்த்து, "டீ எங்கம்மா?" என்றார். ஆள் தெளிந்துவிட்டார்!

அத்தோடு விட்டுவிட முடியாது என்று இன்சார்ஜ் சிஸ்டர் அங்கேயே நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். முந்தின இரவு சாப்பாட்டுக்கு முன்னால் போட்டது 30/70 இன்சுலின். அதில் 30 பங்கு சீக்கிரம் வேலை செய்து அடங்கும், 70 பங்கு மெதுவாகத் தொடங்கி விடியும்வரை இழுக்கும். தாத்தாவோ ஊசி போட்ட பிறகு அரை தோசையோடு எழுந்துவிட்டாராம். மருந்து முழுசாக, சாப்பாடு பாதி. ஏறின சர்க்கரையை மிச்ச மருந்து மறுபடி இறக்கலாம் என்பதால் உடனே இரண்டு இட்லி, திரும்பத் திரும்ப மீட்டர். டூட்டி டாக்டர் வந்து பார்த்து இரவு ஊசியின் அளவைக் குறைத்தார். சில பிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம், வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும் என்றும் சிஸ்டர் சொன்னார். கல்லூரியில் படித்ததுதான், ஆனால் அந்த நனைந்த சட்டைக்குப் பிறகுதான் மனதில் தங்கியது.

வேலை முடிந்தும் அண்ணா வீட்டுக்குப் போகவில்லை, தாத்தாவின் மகன் வரும்வரை கேட்டிலேயே நின்றார். "எப்படிண்ணா கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். "எங்கம்மாவுக்கும் சர்க்கரைதான் கண்ணு" என்றார்.

ஓடி வந்த ஆயாம்மாவுக்கு நன்றி. பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த இன்சார்ஜ் சிஸ்டருக்கு நன்றி. கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு வந்த டீக்கடை அண்ணனுக்கு நன்றி.

செக்யூரிட்டி அண்ணா, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு விஷயம். அன்றைக்குச் சர்க்கரைக்கும் இட்லிக்கும் உங்கள் கணக்கில் எழுதச் சொன்னீர்களாமே, டீக்கடை அண்ணன் இப்போதுதான் சொன்னார். அதை நான் கட்டிவிட்டேன். இந்தப் பக்கம் வந்தால் மறுபடியும் கொடுத்துவிடாதீர்கள்.