கிண்டி ஆபீஸ் டெஸ்டிங் வேலை: இப்போதைக்கு நிறுத்திவைப்பு

வணக்கம் நண்பர்களே. நம் குழுவிலிருந்து இந்த வேலைக்கு விண்ணப்பித்த 9 பேருக்கும் சேர்த்து எழுதுகிறேன். ஆளெடுப்பு நேற்று மாலையிலிருந்து நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. இந்த இடத்துக்கான நிதி ஒப்புதலை மேலிடம் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் நேர்காணலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, யாரையும் நிராகரிக்கவும் இல்லை.

1. வேலைவாய்ப்புத் தளத்தில் விளம்பரம் இன்னும் சில நாள் தெரியும், அதை ஹெச்.ஆர். தனியாக எடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்காதீர்கள்.

2. இது முக்கியம். கையில் ஆஃபர் லெட்டர் இல்லாமல் யாரும் ராஜினாமா கொடுக்க வேண்டாம். இரண்டாம் சுற்று முடித்த ஒருவர், 60 நாள் நோட்டீஸ் இருக்கிறதே, இப்போதே கொடுத்துவிடட்டுமா என்று போன வாரம் கேட்டார், நான் "கொஞ்சம் பொறுங்கள்" என்றேன். கொடுத்திருந்தால் இன்று இரண்டு பக்கமும் வேலை இல்லாமல் நின்றிருப்பார்.

3. வேறு இடத்தில் ஆஃபர் வந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், எனக்காகக் காத்திருக்காதீர்கள். நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

4. அக்டோபர் 10 மாலை 6 மணிக்குள் இங்கேயே நிலவரம் எழுதுவேன், ஒன்றும் மாறாவிட்டாலும். மறுபடி திறந்தால் இரண்டாம் சுற்று முடித்த 4 பேருக்கு அதே சுற்று திரும்ப இருக்காது என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

பட்டியலில் தொடர விருப்பம் என்றால் வெள்ளிக்கிழமைக்குள் "தொடர்கிறேன்" என்றும், இல்லையென்றால் "விலகுகிறேன்" என்றும் எனக்குத் தனியாக அனுப்புங்கள். சம்பள விவரமெல்லாம் குழுவில் போட வேண்டாம், ப்ளீஸ்.