சுவர் விரிசல் போட்டோ பற்றி மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய போட்டோவை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படுக்கையறை ஜன்னலின் மேல் மூலையில் தொடங்கி, சாய்வாக ஏறி, கிட்டத்தட்ட கூரை வரைக்கும் போகிற விரிசல். "சரி பண்ண எவ்வளவு ஆகும்பா, ஒரு தொகை சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறாய். மாப்பிள்ளை இதே போட்டோவை இரண்டு பேருக்கு அனுப்பி, ஒருவர் நாலாயிரம் என்றும் இன்னொருவர் அறுபதாயிரம் என்றும் சொன்னதாக அம்மாவிடம் சொன்னாராம். யாரோ ஒருவர் ஏமாற்றுகிறார் என்று நீ நினைக்கிறாய். நான் அப்படி நினைக்கவில்லை. ஒருவர் அதைப் பூச்சு விரிசல் என்று வைத்துக்கொண்டார், இன்னொருவர் அஸ்திவாரம் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டார், இந்தப் போட்டோவை வைத்து இரண்டையும் சொல்லலாம்.

முதலில் போட்டோவில் தெரிவதைச் சொல்கிறேன். விரிசல் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்பது நன்றாகத் தெரிகிறது, அதுவே பாதி விஷயம். சுவர் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி இருந்திருந்தால் பூச்சு சீக்கிரம் காய்ந்ததால் வந்தது, கவலைப்படாதே என்று சொல்லியிருப்பேன். கூரைத் தளமும் சுவரும் சேருகிற இடத்தில் நேர்கோடாகப் படுத்திருந்தால் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது, மேல் மாடி வீடுகளில் நிறையப் பார்க்கலாம். தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் நட்டுக்குத்தலாக வந்திருந்தால் அங்கே கம்பி வலை வைத்துப் பூசவில்லை என்று அர்த்தம். உன்னுடையது இந்த மூன்றும் இல்லை, ஜன்னல் மூலையிலிருந்து கிளம்புகிற சாய்வு. சுவரில் ஓட்டை விட்ட இடத்தில் மூலைதான் பலவீனம், எந்த இழுப்பு வந்தாலும் அங்கேதான் முதலில் கிழியும். என்ன இழுத்தது என்று போட்டோ சொல்லாது.

இன்னொன்றும் பார்த்தேன். விரிசலின் கீழ்ப்பாதிக்குள் பெயிண்ட் இறங்கியிருக்கிறது, மேல்பாதி உள்ளே வெள்ளையாகப் புதுசாக இருக்கிறது. அப்படியென்றால் நீங்கள் வாங்குவதற்கு முன்பே பாதி இருந்திருக்கிறது, பெயிண்ட் அடித்து மறைத்திருக்கிறார்கள், அதற்கப்புறம் வளர்ந்திருக்கிறது. போட்டோவில் எனக்குக் கவலை தந்தது இது ஒன்றுதான்.

அகலம் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு பொருளும் வைக்காமல் எடுத்திருக்கிறாய், அது முடி அளவா விரல் அளவா என்று எப்படிச் சொல்வது? ஃபோன் கேமரா கோட்டைக் கறுப்பாக்கிக் காட்டும், மெல்லிய கீறல்கூடப் பிளவு மாதிரி தெரியும். ஆழமும் தெரியவில்லை. பூச்சு அரை அங்குலம்தான், அதற்குப் பின்னால் ஒன்பது அங்குலச் செங்கல், வெடித்தது எது என்பதில்தான் பணமே இருக்கிறது. ஃபிளாஷ் நேராக அடித்ததால் சுவர் புடைத்திருக்கிறதா என்பதும் தெரியாமல் போய்விட்டது.

நான் தொழிலில் இருந்தபோது ஒரு தடவை இதில் தவறினேன், உனக்கு நினைவிருக்காது, நீ காலேஜில் இருந்தாய். சொந்தக்காரர் ஒருவர் இதே மாதிரி ஒரு போட்டோ அனுப்பினார். இரண்டு நாள் கூலி, ஒரு மூட்டை சிமெண்ட் என்று கணக்குப் போட்டு ஒரு தொகை சொல்லிவிட்டேன். போய்ப் பூச்சைக் கொத்தினால் உள்ளே செங்கல்லே இரண்டாகப் பிளந்திருந்தது. வெளியே போய்ப் பார்த்தேன், மொட்டைமாடித் தண்ணீர் வருகிற குழாய் பாதியில் உடைந்து, மழைக்கெல்லாம் நேராகச் சுவரின் காலடியில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறது. அது கரிசல் மண், நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும், அந்த மூலை மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. குழாயை மாற்றி, சுற்றிலும் சாய்வாகத் தளம் போட்டு, ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்துத்தான் சுவரைத் தொட்டோம். நான் சொன்ன தொகை குழாய்க்கும் வெளித்தளத்துக்குமே போதவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

கோயம்புத்தூரிலும் பல இடங்களில் கரிசல்தான், அதனால்தான் கேட்கிறேன், உன் வீடு இருக்கிற இடம் கறுப்பு மண்ணா, செம்மண்ணா? பக்கத்து மனையில் யாராவது குழி தோண்டினால் தெரியும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. ஏ.டி.எம். கார்டு ஒன்றை எடுத்து விரிசலில் செருகிப் பார், அதன் கனம் முக்கால் மில்லிமீட்டர். நுழையவே இல்லையென்றால் பெரும்பாலும் பூச்சோடு போகிற விஷயம். இரண்டு மூன்று கார்டு சேர்த்து நுழைந்தால் எனக்கு உடனே ஃபோன் பண்ணு. மேலேயும் கீழேயும் தனித்தனியாகப் பார், ஒரு பக்கம் மட்டும் அகலமாக இருந்தால் சுவர் சாய்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். அப்புறம் வெளியே போய் அதே ஜன்னல் மூலையைப் பார், அங்கேயும் அதே சாய்வில் கோடு இருந்தால் செங்கல் வெடித்திருக்கிறது. விரிசலின் இரண்டு பக்கமும் விரல் முட்டியால் தட்டு, தொப் தொப் என்று வெறும் பானை மாதிரி கேட்டால் அங்கே பூச்சு சுவரை விட்டுவிட்டது, எவ்வளவு தூரம் அப்படிக் கேட்கிறதோ அவ்வளவையும் கொத்தி எடுக்க வேண்டும். அந்த அறைக் கதவு சமீபத்தில் இடிக்கிறதா என்றும் சொல்.

கடைசியாக, விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சின்னக் குறுக்குக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுது. இப்போது மே மாதம், மண் நன்றாகக் காய்ந்திருக்கிறது. ஐப்பசி மழை முடிந்ததும் மறுபடி பார். கோட்டைத் தாண்டி வளர்ந்திருந்தாலோ, மழையில் மூடிக்கொண்டு வெயிலில் திறந்தாலோ, அது உயிரோடு இருக்கிற விரிசல், அதன் மேல் எதைப் பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் வரும்.

வெறும் பூச்சு விரிசல்தான் என்று வைத்துக்கொள், அப்போதும் தொகை எங்கே போகும் என்று தெரிந்துகொள். இரண்டு பக்கமும் நாலு நாலு அங்குலம் கொத்தி, தண்ணீர் விட்டு, கோழி வலை அடித்துப் பூசி, ஏழு நாள் நனைக்க வேண்டும். பூசுகிற பரப்பு மூன்று சதுர அடிகூட வராது, சிமெண்ட் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் கொத்தனார் அதற்காக அரை நாள் கூலி கேட்பார், நியாயம்தான். அப்புறம் பழைய பெயிண்டோடு புதுசு நிறம் சேராது, பன்னிரண்டுக்குப் பத்து சுவர் என்றால் நூற்றிருபது சதுர அடியும் அடிக்க வேண்டியிருக்கும். பில்லில் பெரிய பங்கு அதுதான். செங்கல்லும் வெடித்திருந்தால் கூடுதலாக, இணைப்புகளைத் தோண்டிக் கம்பி வைத்துத் தைக்க வேண்டும், வெளிப்பக்கமும் சாரம் கட்ட வேண்டும்.

அதனால் இரண்டு பேருக்கும் இப்போது அட்வான்ஸ் கொடுக்காதே. நல்ல வெளிச்சத்தில் பத்தடி தள்ளி நின்று முழுச் சுவர் ஒன்று, ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துக் கிட்டத்தில் ஒன்று, ராத்திரி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்து ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, மழைக் குழாய் இறங்குகிற இடம் ஒன்று, இந்த ஐந்தையும் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டு அவசரமா இல்லையா என்பதைச் சொல்கிறேன், தொகை நான் வந்து தட்டிப் பார்த்த பிறகுதான். நீங்கள் பட்டி பூசி விரிசலை மூடிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது, ஆயுத பூஜைக்கு நான் வருகிற வரைக்கும் அப்படியே திறந்தே இருக்கட்டும்.

அன்புடன்,
அப்பா