கிழமை லோன் காட்டை ஒருக்கா விரிச்சுப் பாருங்க: திருகோணமலை மாதர் சங்கத் தலைவிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான அக்காமாருக்கு,

சென்ரருக்கு வாற ஒபிசர் "24 வீதம் தான், பேங்கும் 18 எடுக்குது, பெருசா வித்தியாசமில்ல" எண்டு சொன்னா நம்மட ஆக்கள் தலையாட்டிட்டு சைன் வைக்கினம். அந்த ரெண்டு வீதமும் ஒரே அளவுகோல்ல அளந்ததில்ல, அதத்தான் சொல்ல வந்தன்.

நிலாவெளிப் பக்கம் ஒரு அக்காவின்ட காட்டைப் பார்த்தன். லோன் 50,000, கிழமைக்கு 1,200 ரூபா, 52 கிழமை. மொத்தம் 62,400. வட்டி 12,400, அதாவது 50,000க்கு 24.8 வீதம், ஒபிசர் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். ஆனா முதல் கிழமையில இருந்தே கடன் குறைஞ்சுகொண்டு வருது, 40ஆவது கிழமை முடியேக்க அசல்ல மிச்சம் 13,600 அளவு தான், வட்டி மட்டும் வருசம் முழுக்க 50,000க்கும் போட்டிருக்கு. குறையிற மீதிக்குக் கணக்குப் பாத்தா வருச வட்டி 57 வீதம் வருது.

இன்னும் முடியல்ல. டொக்கியுமென்ட் சார்ஜ், இன்சூரன்ஸ் எண்டு 1,500 ரூபா முன்னுக்கே வெட்டிட்டுத்தான் காசு குடுத்தவை, கையில வந்தது 48,500. காட்டுல 50,000 எண்டு தான் நிக்கும், அதால இது ஒருத்தர் கண்ணுக்கும் படாது. இதையும் சேத்தா 68 வீதம்.

இப்ப பேங்க். அதே 50,000, குறையிற மீதிக்கு 18 வீதம், மாசம் 4,584 படி 12 மாசம். மொத்தம் 55,008. மேல 57 எண்டு பாத்த மாதிரியே வட்டிக்கு வட்டியும் சேத்துப் பாத்தா வருச வட்டி 19.6 வீதம். நியாயத்துக்கு அங்கயும் 1,500 வெட்டினாங்க எண்டு வச்சாலும் 27 வீதத்தைத் தாண்டாது. 1,200 சின்னக்காசு மாதிரித் தெரியுது, ஆனா மாசத்துக்கு நாலு கிழமை இல்ல, நாலே காலுக்கு மேல, அப்ப மாசம் 5,200 போகுது!

போன்ல ஷீட் இருந்தா இப்படிப் போடுங்க, ஒரு நிமிசம் காணும்:

```
=(1+RATE(52,-1200,48500))^52-1
=(1+RATE(12,-4584,48500))^12-1
```

மூண்டாவது எண் கையில வந்த காசு, காட்டுல உள்ள தொகை இல்ல. கட்டாயச் சேமிப்பு எண்டு கிழமைக்கிழமை வாங்குற காசை 1,200க்குள்ள சேர்க்காதீங்க, அது திரும்பி வாற காசு, ஆனா வட்டியில்லாம திரும்பினா உண்மையான வீதம் இன்னும் கூடும். இடையில கட்டாம விட்ட கிழமை இருந்தா இந்தக் கணக்குச் சரிவராது, காட்டுல உள்ள திகதிகளையும் காசையும் அப்படியே எழுதி XIRR போடோணும்.

எல்லாருக்கும் பேங்க் லோன் கிடைக்காது, பிணைக்கு ஆள் வேணும், சம்பளத்துண்டு கேப்பாங்க, அது எனக்கும் தெரியும். எண்டாலும் பாதியில புது லோன் தாறம் எண்டு வந்தா கவனமா இருங்க. 26ஆவது கிழமையில காட்டு மீதி 31,200, உண்மையான அசல் 27,800 அளவு தான். புது லோன்ல இருந்து முழு 31,200ஐயும் வெட்டினா, வராத கிழமைகளுக்கும் சேத்து 3,400 ரூபா வட்டி எடுக்கிறாங்க. அதைக் குறைக்கச் சொல்லி ஒபிசரிட்ட நீங்க தலைவியா நிண்டு கேளுங்க, தனியாளாக் கேட்டா "சிஸ்டம் விடாது" எண்டுருவாங்க.